மூன்று மணித் தட்டில் எவ்வளவு எண்ணெய்?

எங்கள் மருத்துவமனையில் அந்த அம்மாவின் உண்மையான பெயர் சம்பளப் பிரிவுக்கு மட்டும்தான் தெரியும். கதவில் ‘உணவு ஆலோசகர்’ என்று பலகை தொங்கும். மற்ற எல்லோருக்கும் அவர் கலோரி மேடம். நான் இங்கே உணவகத்தின் ஸ்டோர் கீப்பர். அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் என் சாவிக்குள்தான் இருக்கின்றன. அவருக்கும் எனக்கும் இருபத்திரண்டு வருடப் பழக்கம். அதில் பாதி வருடங்கள் சண்டை.

சண்டை எல்லாம் எண்ணெயைப் பற்றித்தான். சமையலறைக்குள் அவர் நுழைந்தாலே பிரியாணி மாஸ்டர் எண்ணெய் டின்னை முதுகுக்குப் பின்னால் தள்ளுவார். மறைத்து என்ன பயன்? ஒரு பருக்கையைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து உருட்டிப் பார்ப்பார் மேடம். பிறகு விரலை வெள்ளை டிஷ்யூ பேப்பரில் ஒற்றி, அந்தக் கறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து ஒரு எண்ணைச் சொல்வார். “தட்டுக்குப் பன்னிரண்டு கிராம் எண்ணெய். ரைத்தாவோட சேர்த்து அறுநூத்தி இருபது.” அவ்வளவுதான். மறுபேச்சு கிடையாது.

இந்தப் பழக்கம் அவரை வீட்டிலும் விட்டதில்லை. கல்யாண வீடுகளில் அவர் பக்கத்தில் உட்கார யாரும் வருவதில்லை என்று அவரே சொல்லிச் சிரிப்பார். ஒரு தடவை தன் நாத்தனார் மகளின் வரவேற்பில், பொண்ணு வாயில் மாப்பிள்ளை இனிப்பை ஊட்டும்போது இவர் வாயிலிருந்து தன்னையறியாமல் “நூத்தி ஐம்பது” என்று வந்துவிட்டதாம். வீடியோவில் அந்தக் குரல் இன்னும் இருக்கிறது. நாத்தனார் மூன்று மாதம் பேசவில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். எதையும் சாப்பிடாதே என்று சொல்கிற ஆள் இல்லை அவர். “வேணாம்னு சொன்னா மறைச்சு சாப்பிடுவாங்க. எவ்வளவுன்னு சொன்னா எண்ணிச் சாப்பிடுவாங்க” என்பார். அவரே வாரத்துக்கு ஒரு நாள் எங்கள் பிரியாணியை ரசித்துச் சாப்பிடுவார். நோயாளிகளுக்கு அவரைப் பிடித்ததே இதனால்தான். எனக்கும் பிடிக்கும், எண்ணெய் விஷயம் நீங்கலாக.

அந்த விஷயம் இதுதான். பிரியாணி அண்டா ஒன்றுக்கு நான் பத்து கிலோ அரிசி, பத்து கிலோ கோழி, இரண்டு லிட்டர் எண்ணெய், அரைக் கிலோ நெய் எடுத்துக் கொடுப்பேன். அதில் நூறு தட்டு வரும். கணக்குப் போட்டால் தட்டுக்கு இருபத்துமூன்று கிராம் எண்ணெய் வர வேண்டும். மேடம் விரலோ பன்னிரண்டு என்கிறது. மீதி பதினொன்று எங்கே போனது? நான் திருடுகிறேனா, மாஸ்டர் திருடுகிறாரா? இதை ஒரு நாள் நான் முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டேன்.

“யாரும் திருடல அண்ணே. மீதி அண்டா அடியில நின்னுடும். அதை யார் சாப்பிடப் போறா? கழுவுற தண்ணியில போயிடும்” என்றார்.

எனக்கும் அது சரி என்றுதான் பட்டது. ஒரு மனுஷனுடைய மானம் அந்த அண்டா அடியில் கிடக்கிறது என்று அன்றைக்கு எங்கள் இருவருக்கும் தெரியாது.

அந்த மனுஷன் எங்கள் மருத்துவமனை வண்டி ஓட்டுகிற தம்பி. ஆள் வாட்டசாட்டம், சிரித்த முகம், பிரியாணி என்றால் உயிர். அவனுடைய அக்காவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டது. வாரத்துக்கு மூன்று நாள் இங்கேயே டயாலிசிஸ். அக்கா வீட்டுக்காரருக்கு ரத்த வகை ஒத்துவரவில்லை. தம்பிக்கு எல்லாமே ஒத்துவந்தது. “என்னோடதுல ஒண்ணை எடுத்துக்கோங்க டாக்டர்” என்று அவன் சொன்னபோது கூட இருந்த நர்ஸ் அம்மாவுக்கே கண் கலங்கியதாம். தடை ஒன்றே ஒன்றுதான். அவன் எடை தொண்ணூற்றாறு கிலோ. தொண்ணூறுக்குக் கீழே வந்தால்தான் கத்தி வைப்போம், இல்லையென்றால் கொடுக்கிற உனக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதற்குக் கெடு மூன்று மாதம். அதன்பின் மாற்று அறுவைச் சிகிச்சைக் குழு கூடி முடிவு சொல்லும்.

தம்பியை மேடத்திடம் அனுப்பினார்கள். அவன் கேட்ட முதல் கேள்வி, “பிரியாணியை விட்டுடணுமா மேடம்?”

“வேணாம். காலையிலயும் ராத்திரியும் நான் சொல்றதைச் சாப்பிடுங்க. மத்தியானம் ஒரு தட்டு, முந்நூத்தி ஐம்பது கிராம், எடை போட்டு வாங்குங்க. ரைத்தாவும் சாப்பிடலாம்.”

“தயிர் கொழுப்பாச்சே மேடம்?”

“நம்ம ரைத்தா பாதி வெங்காயம், கால்வாசி தண்ணி. ஒரு கிண்ணம் நாற்பது கலோரி. பாவம், எல்லாரும் அதைத்தான் சந்தேகப்படறாங்க.”

அன்றிலிருந்து எங்கள் கவுண்டரில் ஒரு சின்னத் தராசு வந்து உட்கார்ந்தது. தம்பி தட்டை அதில் வைத்து, முந்நூற்றைம்பது காட்டினால்தான் எடுப்பான். ஐந்து கிராம் கூடினால் ஒரு கரண்டி நுனி சோற்றைத் திருப்பிப் போடுவான். பின்னால் வரிசையில் நிற்பவர்கள் “தங்கமா வாங்கறே?” என்று கேலி செய்வார்கள். அவன் சிரித்துக்கொண்டே நகர்வான்.

முதல் ஐந்து வாரத்தில் மூன்று கிலோ இறங்கியது. மேடம் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார். அவர் தன் கைக்காசில் டீ வாங்கிக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. சர்க்கரை இல்லாத டீ என்பது வேறு விஷயம்.

அதற்கப்புறம் எடை நின்றுவிட்டது. ஒரு வாரம் போனது, தொண்ணூற்றுமூன்று. இரண்டு வாரம், அதே தொண்ணூற்றுமூன்று. அப்படியே ஏழு வாரம் போன பிறகும் தொண்ணூற்றிரண்டே முக்காலுக்குக் கொஞ்சம் கீழே. குழு கூடுவதற்குப் பத்து நாள்தான் பாக்கி. தம்பியின் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போனது. நடக்கிறேன் என்று காலையில் ஐந்து மணிக்கே கிளம்பிப் போய்க்கொண்டிருந்தான். காலில் கொப்புளம் வந்து நொண்டிக்கொண்டே வண்டி ஓட்டினான்.

மேடம் அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்துக் கேட்டபோது, நான் மாத ரேஷன் பட்டியலில் கையெழுத்து வாங்க அங்கே நின்றுகொண்டிருந்தேன்.

“உண்மையைச் சொல்லுங்க தம்பி. வெளியில என்ன சாப்பிடறீங்க?”

“ஒண்ணும் இல்ல மேடம்.”

“டீக்கடையில? வண்டியில? யாராவது கொடுத்தா?”

“தண்ணி மட்டும்தான் மேடம். அக்கா மேல சத்தியமா.”

“சத்தியத்தை எல்லாம் நான் எடை போட முடியாது. தினமும் சாப்பிட்டதுன்னு நீங்க எழுதிக் கொடுத்த கணக்குப்படி எடை இறங்கியே ஆகணும். இறங்கலன்னா, எழுதாத சாப்பாடு ஒண்ணு இருக்குன்னு அர்த்தம்.”

தம்பி எழுந்து போனான். எனக்கு மேடம் மீது சுள்ளென்று கோபம் வந்தது. ஆனால் மனதின் ஒரு மூலையில், பயல் எங்கேயோ தின்கிறான் என்றுதான் நானும் நினைத்தேன். அதை இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வராந்தாவில் அவன் மாமா நின்றிருந்தார். அக்கா வீட்டுக்காரர். நல்ல மனுஷர்தான், ஆனால் வருஷக்கணக்காக மனைவியைச் சுமந்து அலைந்து நாக்கு கசந்துபோனவர். தம்பியைப் பார்த்ததும் பத்துப் பேர் காதில் விழும்படி கேட்டார்: “கொடுக்க மனசில்லன்னா நேரா சொல்லிடலாமேப்பா. எதுக்கு இப்படித் தின்னு தின்னு தள்ளிப் போடறே?”

தம்பி முகத்தில் ஈயாடவில்லை. டயாலிசிஸ் முடிந்து சக்கர நாற்காலியில் வந்துகொண்டிருந்த அக்கா அதைக் கேட்டாரா இல்லையா என்று தெரியவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

மேடத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சும்மா இருக்க மாட்டார். மறுநாள் கண்கொத்திப் பாம்பாகத் தம்பியைக் கவனிக்க ஆரம்பித்தார். மத்தியானம் மூன்று மணிக்கு அவன் சாப்பிட்டு எழுந்து போனதும், நேராகப் பின்கட்டுக்குப் போனார். எச்சில் தட்டில் என்ன மிச்சம் இருக்கிறது என்று பார்ப்பது அவருடைய வேலையில் ஒன்று. நோயாளிகள் எதை ஒதுக்குகிறார்கள் என்று அப்படித்தான் தெரியும். நானும் வேடிக்கை பார்க்கப் பின்னாலேயே போனேன்.

அங்கே பாத்திரம் கழுவுகிற அம்மா, தொட்டிக்கு முன்னால் மலை போல் குவிந்த தட்டுகளோடு நின்றிருந்தார்.

“வண்டிக்காரத் தம்பி தட்டு எது?” என்று மேடம் கேட்டார்.

“பார்த்தாலே தெரியுமே. வழவழன்னு இருக்கே, அதுதான்.”

“ஏன், மத்த தட்டு எல்லாம் வழவழன்னு இல்லையா?”

அந்த அம்மா மேடத்தை ஒரு பார்வை பார்த்தார். படிச்சவங்களுக்கு இது கூடத் தெரியாதா என்கிற பார்வை. “பன்னிரண்டு மணித் தட்டு வெறும் தண்ணியிலேயே போயிடும்மா. மூணு மணித் தட்டுக்கு ரெண்டு வாட்டி சோப்பு போடணும். அதுக்கே எனக்கு முதுகு போவுது. இன்னும் கொஞ்சம் சோப்பு கொடுங்கன்னு இந்த அண்ணன்கிட்ட எத்தனை நாளா கேக்கறேன்?”

இந்த அண்ணன் நான்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

மேடம் தட்டைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பிடித்தார். தட்டின் ஓரத்தில் காவி நிறத்தில் எண்ணெய் மெல்ல ஓடி ஒரு பக்கம் சேர்ந்தது. ரைத்தாக் கிண்ணத்தில் ஒட்டியிருந்த மிச்சத் தயிரின் மேலும் அதே நிறத்தில் பொட்டுப் பொட்டாக மிதந்தது. டிஷ்யூவை எடுத்துத் தட்டில் ஒற்றினார். தாள் நனைந்து அந்தப் பக்கம் தெரிகிற அளவுக்கு ஊறியது. இன்னொரு தாள், அதுவும் ஊறியது. மூன்றாவது தாளை ஒற்றாமல் கையிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார்.

“அண்ணே, நான் தினமும் எத்தனை மணிக்கு ருசி பார்க்கறேன்?”

“இது என்ன கேள்வி? பன்னிரண்டு அடிக்க அஞ்சு நிமிஷம். மூடியைத் திறந்ததும் முதல் கரண்டி உங்களுக்குத்தானே. இருபத்திரண்டு வருஷமா அதுதானே சட்டம்.”

“முதல் கரண்டி” என்று திருப்பிச் சொன்னார். “எப்பவும் முதல் கரண்டி.”

அடுத்த நாள் என் ஸ்டோர் அறை ஆராய்ச்சிக் கூடமாக மாறியது. லேபிலிருந்து கோடு போட்ட நீளக் கண்ணாடி ஜாடிகள் இரண்டு வந்தன. பன்னிரண்டு மணிக்கு மூடி திறந்ததும் ஒரு தட்டு எடுத்து வைத்தோம். மூன்று மணிக்குக் கடைசித் தட்டு. இரண்டையும் தராசில் வைத்தார். முந்நூற்றைம்பது, முந்நூற்றைம்பது. கிராம் பிசகவில்லை. கறித்துண்டை எடுத்துவிட்டு, இரண்டு தட்டுச் சோற்றையும் மசாலாவோடு தனித்தனியாகக் கொதிநீரில் போட்டுக் கரண்டியால் மசித்தார். வடிகட்டி, சக்கையை இன்னொரு தடவை கொதிநீரில் அலசி, தண்ணீரை எல்லாம் ஜாடியில் ஊற்றினார். “இனிமே ஒரு மணி நேரம் யாரும் இதைத் தொடக்கூடாது, ஆட்டக்கூடாது. எண்ணெய் தானா மேல வரும்” என்றார்.

பிரியாணி மாஸ்டர் வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். தன் பிரியாணியைப் பிரேதப் பரிசோதனை செய்கிறார்கள் என்று அவருக்கு வருத்தம். “இப்படிக் கரைச்சுப் பார்க்கவா நான் விடியக்காலையில எழுந்து தம் போடறேன்?” என்று முணுமுணுத்தார்.

“மாஸ்டர், நீங்க எப்படிப் பரிமாறுவீங்கன்னு சொல்லுங்க. சும்மா தெரிஞ்சுக்கத்தான்” என்றார் மேடம்.

“எல்லாரும் செய்யற மாதிரிதான். அடியில மசாலாவும் கறியும், மேல முக்கால் பதம் வெந்த அரிசி, அதுக்கும் மேல நெய். தம் ஆனப்புறம் மேலேர்ந்து அடுக்கு அடுக்கா எடுப்பேன். கிளறினா அரிசி உடைஞ்சுடும். கறித்துண்டை மட்டும் ஓரமாக் கரண்டி விட்டு எடுத்து வைப்பேன்.”

“மூணு மணி வரைக்கும் அண்டா அடுப்பு மேலயே இருக்குமா?”

“சூடா இருக்க வேணாமா? லேசான தணல்ல இருக்கும்.”

“அப்போ மேல ஊத்தின நெய்யும் சேர்ந்து மூணு மணி நேரமா கீழே இறங்கிட்டே இருக்கும்.”

“இறங்கத்தானே செய்யும்? அடிச் சோறுதான் ருசியே. அந்தத் தம்பிக்கு நான் அதைப் பார்த்துப் பார்த்து வழிச்சு வைப்பேன்” என்றார் மாஸ்டர் பெருமையாக. “அக்காவுக்காக உடம்பையே கொடுக்கற பையன். அவனுக்குச் செய்யாம யாருக்குச் செய்யறது?”

மேடம் தலையில் கை வைத்துக்கொண்டு அரிசி மூட்டை மீது உட்கார்ந்துவிட்டார்.

ஒரு மணி நேரம் கழித்து நாங்கள் நான்கு பேரும் ஜாடிகளுக்கு முன் குனிந்தோம். பாத்திரம் கழுவுகிற அம்மாவும் வந்துவிட்டார். கண்டுபிடித்தவரே அவர்தானே. முதல் தட்டு ஜாடியில் கலங்கிய தண்ணீருக்கு மேல் எண்ணெய் விரல் நகம் அளவுக்குத்தான் நின்றது. ஒன்பது மில்லி. இரண்டாவது ஜாடியில் காவி நிற எண்ணெய் தனி அடுக்காக நின்றது. மேடம் கோட்டுக்கு நேராகக் கண்ணை வைத்துப் படித்தார். நாற்பத்தொன்று.

“இவ்வளவும் ஒரே தட்டுலயா?” என்றேன்.

“இதுக்கு மேலயும் இருக்கு. சோத்துக்குள்ள கொஞ்சம் சிக்கிட்டிருக்கும், கால்வாசி கூடப் போட்டுக்கணும்” என்று சொல்லிக்கொண்டே அட்டை ஒன்றின் பின்பக்கத்தில் எழுதினார். முதல் தட்டில் பத்துப் பதினோரு கிராம். கடைசித் தட்டில் நாற்பத்தேழு. வித்தியாசம் முப்பத்தாறு கிராம், கிராமுக்கு ஒன்பது கலோரி.

“எடை ஒண்ணாத்தானே இருந்துச்சு மேடம்? அது எப்படி?” என்று மாஸ்டர் கேட்டார். வருத்தம் போய் அவருக்கும் இப்போது ஆர்வம் வந்துவிட்டது.

“அதுல தான் நான் ஏமாந்தேன். தராசுக்குச் சோறும் ஒண்ணு, எண்ணெயும் ஒண்ணு. முப்பத்தாறு கிராம் சோறு இருக்க வேண்டிய இடத்துல முப்பத்தாறு கிராம் எண்ணெய் இருந்திருக்கு. சோறா இருந்தா நாற்பத்தஞ்சு கலோரி. எண்ணெய்ங்கறதால முந்நூத்தி இருபத்து நாலு.” கழித்துப் பார்த்தார். “தினமும் ஏறக்குறைய முந்நூறு. நான் அந்தப் பையனுக்குக் குறைக்கணும்னு போட்ட கணக்கே கிட்டத்தட்ட அவ்வளவுதான்.”

காலையிலும் இரவிலும் அவன் பட்டினி மாதிரி இருந்து மிச்சம் பிடித்ததை எல்லாம் மூன்று மணிக்கு எங்கள் அண்டா திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. இந்தப் பிழையை வேறு யாரும் செய்திருக்க முடியாது. தினமும் முதல் கரண்டியை ருசி பார்க்கிற ஆள்தான் செய்ய முடியும்.

“ஆனா முதல் அஞ்சு வாரம் இறங்குச்சே?” என்று நான் இழுத்தேன்.

மேடம் எடைப் பட்டியலை எடுத்து ஒரு தேதியில் விரலை வைத்தார். “இங்கேதான் நிக்குது. இந்த வாரம் என்ன ஆச்சு?”

எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. அதுவரை தம்பி அலுவலக வண்டி ஓட்டினான், பன்னிரண்டரைக்கு முதல் பந்தியிலேயே சாப்பிட்டுவிடுவான். அந்த வாரம்தான் கெஞ்சிக் கூத்தாடி வேலையை மாற்றிக்கொண்டான். டயாலிசிஸ் முடிந்தவர்களை மத்தியானம் வீட்டில் கொண்டுபோய் விடுகிற வண்டி அது. ஆறு நாளும் அலைச்சல், சாப்பாடு மூன்று மணிக்கு. யாருக்கும் பிடிக்காத வேலை. அதில் மூன்று நாள் அவன் அக்கா வருவார். ஊசி போட்ட கையோடு ஆட்டோவில் குலுங்கிக்கொண்டு போக வேண்டாமே என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டது.

அதைச் சொன்னபோது பாத்திரம் கழுவுகிற அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தம்பியைக் கூட்டிவரச் சொன்னார் மேடம். அவன் மறுபடியும் திட்டு விழப்போகிறது என்கிற முகத்தோடு வந்து வாசலிலேயே நின்றான். மேடம் எழுந்து நின்றார். அவர் பெரிய டாக்டர் வந்தால் கூட எழுந்திருக்கிற ஆள் இல்லை.

“தம்பி, இந்த ரெண்டு ஜாடியையும் பாருங்க. இது பன்னிரண்டு மணித் தட்டு. இது நீங்க சாப்பிடற மூணு மணித் தட்டு. நான் பன்னிரண்டு மணித் தட்டைப் பார்த்துட்டு உங்க மூணு மணித் தட்டுக்குக் கணக்கு எழுதிக் கொடுத்துட்டேன். தப்பு என்னுது. நீங்க ஒரு பொய்யும் சொல்லல. உங்களை நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது.”

தம்பி ஜாடியைப் பார்த்தான். கிட்டே வந்து, அந்தக் காவி அடுக்கின் மேல் விரலை வைத்து, கண்ணாடியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். சந்தோஷப்படுவான் என்று நினைத்தோம். அவன் தரையில் குந்தி உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான். அவ்வளவு பெரிய உடம்பு குலுங்கியது.

“மாமா சொன்னதுகூடப் பரவாயில்ல மேடம்” என்றான். “நானே என்னை நம்பல. ராத்திரி தூக்கத்துல எழுந்து சாப்பிடறேனோன்னு என் சமையல்கட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுல கொடுத்தேன். அப்பவும் எடை இறங்கல. அப்புறம் தோணுச்சு, மனசு சரின்னாலும் உடம்பு மாட்டேங்குதோ, உள்ளுக்குள்ள எனக்குக் கொடுக்க இஷ்டம் இல்லையோன்னு. கத்தின்னா எனக்குப் பயம் மேடம். பயம் இருக்கு. அதனாலதான் உடம்பு இப்படிப் பண்ணுதுன்னு நினைச்சேன்.”

மாஸ்டர் போய் அவன் தோளைப் பிடித்தார். “நான்தாண்டா பண்ணேன். நான் வழிச்சு வழிச்சு வைச்சேன்டா” என்று அவரும் அழுதார். அப்போதுகூட எனக்கு ஒரு கோணல் புத்தி. இருபத்திரண்டு வருடமாக நான் தேடிக்கொண்டிருந்த பதினொரு கிராம் எண்ணெய் கடைசியில் கிடைத்துவிட்டது என்று நினைத்தேன். உடனே என்னையே ஓங்கி அறையலாம் போல இருந்தது.

குழு கூடிய நாளில் மேடம் இரண்டு ஜாடிகளையும் ஒரு பையில் போட்டு என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார். தூக்கிக்கொண்டு போகிற வேலை எனக்கு, அதனால் நானும் உள்ளே நின்றேன். தம்பி, அக்கா, மாமா மூவரும் இருந்தார்கள். பட்டியலில் தம்பி பெயருக்கு நேரே என்ன எழுதுவது என்று டாக்டர் பேனாவோடு தயாராக இருந்தார். எடை இறங்கவில்லை, ஒத்துழைப்பு இல்லை என்று எழுதினால் அந்தக் கோப்பு அத்தோடு மூடப்படும்.

“எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்” என்றார் மேடம். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். முதல் கரண்டி, கடைசிக் கரண்டி, தேதி, வண்டி மாற்றம், நாற்பத்தொரு மில்லி. “கணக்குல தப்பு பண்ணது நான். தண்டனை இந்தக் குடும்பத்துக்கு வேணாம். ஆறு வாரம் கொடுங்க. இறங்கலன்னா உணவு ஆலோசகர்ங்கற அந்த நாற்காலியில என்னை உட்கார வைக்காதீங்க.”

டாக்டர் ஜாடியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இதைத் தினமும் நாங்களும் சாப்பிடறோமா?” என்று கேட்டார்.

“நீங்க ஒரு மணிக்கு வர்றவர் டாக்டர். உங்களுக்கு நடு அண்டா” என்றார் மேடம்.

ஆறு வாரம் கிடைத்தது. மாமா ஜாடியைப் பார்ப்பார், தன் செருப்பைப் பார்ப்பார்.

அதற்கப்புறம் தம்பி வண்டியையும் விடவில்லை, பிரியாணியையும் விடவில்லை. மூடி திறந்ததும் மேல் அடுக்கிலிருந்து முந்நூற்றைம்பது கிராம் எடுத்து டப்பாவில் போட்டுச் சூடு ஆறாமல் வைப்பது மாஸ்டர் வேலை. அவன் மூன்று மணிக்கு வந்து ரைத்தாவோடு அதைச் சாப்பிடுவான். மேடம் முதல் கரண்டியோடு நிறுத்தாமல் பன்னிரண்டு மணிக்கு ஒன்று, ஒன்றரைக்கு ஒன்று, மூன்று மணிக்கு ஒன்று என்று மூன்று தடவை ருசி பார்க்க ஆரம்பித்தார். சுவரில் தட்டுக்கு இத்தனை கலோரி என்று ஒரே எண் இருந்த பலகையில் இப்போது மூன்று எண்கள். கடைசி எண்ணைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்காரர்கள் எல்லோரும் பன்னிரண்டு மணிக்கே வந்து நின்றார்கள். வரிசை வாசலைத் தாண்டியது. அதைச் சமாளிக்க நான் தலையால் தண்ணீர் குடித்தேன்.

ஆறாவது வாரக் கடைசியில் எடை பார்க்கிற நாள். மேடத்தின் அறை சின்னது, அதற்குள் நாங்கள் இத்தனை பேரும் அடைந்து நின்றோம். அக்கா சக்கர நாற்காலியில் இருந்தார். மாமா அதைப் பிடித்துக்கொண்டிருந்தார். தம்பி செருப்பைக் கழற்றி, பையிலிருந்த சாவிக் கொத்து, பர்ஸ், சில்லறை எல்லாவற்றையும் மேஜை மேல் வைத்தான். சட்டைப் பையிலிருந்த பேனாவைக்கூட எடுத்து வைத்தான். தராசில் ஏறினான். எண்கள் ஓடி, தடுமாறி, நின்றன.

“எண்பத்தொன்பது புள்ளி எட்டு” என்றார் மேடம். அதைச் சொல்லும்போது அவர் குரல் நடுங்கியது. எந்த எண்ணைச் சொல்லும்போதும் அவர் குரல் அப்படி நடுங்கி நான் கேட்டதில்லை.

மாஸ்டர் கையைத் தட்டினார். மாமா தம்பியின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். தம்பி தராசின் எண்ணைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறங்காமல் அதன் மேலேயே நின்றபடி அக்காவைப் பார்த்தான்.

“அக்கா, எனக்கு மனசு இருந்துச்சுக்கா” என்றான்.

எனக்குத் தெரியும்டா என்று அக்கா சொல்லுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. வீங்கிய கையைத் தூக்கி அவனைக் கிட்டே வரச் சொன்னார். அவன் வந்து மண்டியிட்டதும், அவன் தலையைத் தன் மடியில் சாய்த்துக்கொண்டார்.

“ஒரு நாள் நானும் சந்தேகப்பட்டுட்டேன்டா” என்றார். “அன்னைக்கும் நீதான் என்னை வீட்டுல கொண்டுவந்து விட்டே.”